பதினான்கு நாள் தாண்டிய பிறகு

பதினெட்டு வருடமாக அந்த ஜெராக்ஸ் கடையில் அவள்தான் டைப்பிங். தண்ணீர் இணைப்பு வேண்டி, பெயர் திருத்தம் வேண்டி, விடுப்பு வேண்டி என்று யார் வந்து நின்றாலும் அவர்கள் சொல்லும் நீளக் கதையில் வேண்டாததை வெட்டிவிட்டு, நான்கே வரியில் நறுக்கென்று அடித்துக் கொடுத்துவிடுவாள். "அழுகையெல்லாம் எதுக்கு? ஆபீசர் அதைப் படிக்கமாட்டார். என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்பாள்.

தனக்கென்று ஒரு விண்ணப்பம் எழுத வந்தபோதும் அப்படியேதான் எழுதினாள்.

'பொருள்: ஆண்டுச் சந்தா ரத்து மற்றும் பணம் திரும்பப் பெறுதல். மேற்படி சந்தாவைப் பயன்படுத்த இயலாத சூழ்நிலை ஏற்பட்டுள்ளதால், செலுத்திய தொகையைத் திருப்பி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே பெயரும் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியும். அனுப்பிவிட்டு, காத்திருந்தவருடைய ரேஷன் அட்டையை நகலெடுக்கப் போனாள்.

சந்தா, அவள் கணவருக்காக வாங்கியது. அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வண்டிக்குள் உட்கார்ந்து முப்பது வருடம் கத்தியவர். வீட்டுக்கு வந்தும் அந்தத் தொண்டை இறங்காது. அவளை "ஏய் டைப்பிஸ்டு" என்று அழைப்பது வாசல் வரை கேட்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை ஷூ லேஸ் கட்டும்போது பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சு. சொல்வதெல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். மிச்ச நாட்களில் வீட்டிலேயே பயிற்சி செய்ய ஒரு செயலி இருக்கிறது என்றாள். வெளியூரில் இருக்கும் மகள் அதைத் தேடிப் பிடித்து அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். "மாசா மாசம் கட்டறதுக்கு வருஷத்துக்கு எடுத்தா பாதி விலைதான்மா. எப்படியும் ஒரு வருஷம் ஆகும்ல?" ஆகும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவள் தன் கார்டிலேயே கட்டினாள்.

திரையில் ஒரு படம் வரும். அதன் பேரை அவர் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம், தவறினால் ஒரு குரல் கனிவாக, "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்னும். முதல் வாரம் 'தண்ணீர்' வந்தது. மூன்றாவது வாரம் 'கதவு', 'சாவி'. சந்தா கட்டிய முப்பத்தொன்பதாவது நாள் இரண்டாவது முறை வந்தது பக்கவாதம். இந்தத் தடவை எதையும் விட்டுவைக்கவில்லை. மூக்கில் குழாயோடு வீட்டுக்குத் திரும்பினார். பயிற்சிப் பெண் அவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இப்போதைக்குப் பேச்சு வேண்டாம்மா. முதல்ல முழுங்கறது வரட்டும். ஒரே பக்கமா படுக்க வைக்காதீங்க. காத்து மெத்தை ஒண்ணு வாங்கிடுங்க, முதுகு புண்ணாயிடும்."

அதற்கப்புறமும் தினம் மாலை ஐந்து மணிக்குப் போன் ஒலித்தது. 'மாஸ்டர், உங்கள் சொற்கள் காத்திருக்கின்றன! இன்றைய பயிற்சியைத் தொடங்கலாமா?' நாற்பத்தாறாவது நாள் அந்தச் செய்தி வந்தபோதுதான் இதை நிறுத்திவிடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பணம் திரும்பி வந்தால் மெத்தைக்கு ஆகும் என்பது அதற்குப் பிறகு தோன்றியது.

மறுநாள் காலை அனுப்பிய அந்த விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. 'உங்கள் நிலைமை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. எனினும், எங்கள் விதிமுறைப்படி ஆண்டுச் சந்தாவை வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் மட்டுமே பணம் திரும்ப வழங்கப்படும்.'

'என் நிலைமையை நான் சொல்லவே இல்லையே' என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. பிறகு அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். சொல்லாதது யாருடைய தப்பு?

அன்று மதியம் கடையில் கூட்டமில்லை. பதில் அனுப்பும் கட்டத்தில் அவள் எழுத ஆரம்பித்தாள். பொருள் இல்லை, மேற்படி இல்லை.

'விதி எனக்குத் தெரிகிறது, பதினான்கு நாள் தாண்டிவிட்டது. அந்தப் பதினான்கு நாளும் என் கணவர் நன்றாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார், அதனால் நான் கேட்கவில்லை. எட்டு நாளைக்கு முன்னால் அவருக்கு மறுபடி பக்கவாதம் வந்துவிட்டது. இனிப் பேசுவாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. உங்கள் செயலி நல்ல செயலி. அதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டாலும், தினம் ஐந்து மணிக்கு வரும் செய்தியையாவது நிறுத்திவிடுங்கள்.'

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. இளம்பெண்ணின் குரல்.

"மேடம், நான் வாடிக்கையாளர் சேவைலேர்ந்து பேசறேன். உங்க ரெண்டாவது மெயிலைப் படிச்சேன். இப்ப பேசலாமா?"

"பேசுங்க." அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தை விட்டு உள்ளே தள்ளிப் போனாள்.

"அஞ்சு மணிச் செய்தியை நேத்தே நிறுத்திட்டேன். அதுக்கு மன்னிச்சுக்குங்க மேடம். அப்புறம், பணம் விஷயம். விதிப்படி கொடுக்க முடியாது. ஆனா இந்த மாதிரி நேரத்துல விதிவிலக்கா கொடுக்கச் சொல்லி மேலே கேட்கலாம். கேட்டேன். எங்க டீம் லீடர் சம்மதிச்சுட்டாங்க. ஓடின ரெண்டு மாசத்தைக் கழிச்சுட்டு மீதியைத் திருப்பித் தர்றோம். நீங்க நேரா எங்க வெப்சைட்ல கட்டினதால இங்கேயே செய்ய முடியுது. அதே கார்டுக்கு வரும். பத்து வேலை நாள் வரைக்கும் ஆகலாம்."

"டாக்டர் சீட்டு ஏதாவது அனுப்பணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம் மேடம். நீங்க சொன்னதே போதும்."

கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. காலம் பூராவும் மூன்று பிரதி, கையொப்பம், சான்று என்று பழகியவள். நீங்கள் சொன்னதே போதும் என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

"மேடம், இருக்கீங்களா? இன்னும் ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் மெயில் போடாம போன் பண்ணினேன். பணத்தைத் திருப்பினதும் சந்தா உடனே மூடிடும். அதோட சாரோட பதிவுகளும் போயிடும்."

"என்ன பதிவு?"

"அவர் பேசினது. ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும் மேடம், முன்னேற்றம் பார்க்கறதுக்கு. ஆரம்பத்துல அனுமதி கேட்டிருக்கும்."

மகள் 'சரி' என்று அழுத்தியிருப்பாள்.

"எங்களால அதைக் கேட்க முடியாது, எண்ணிக்கைதான் தெரியும். இருநூத்திப் பதினாலு இருக்கு. எல்லாத்தையும் ஒரே கோப்பா உங்களுக்கு அனுப்பிடறேன். நீங்க இறக்கி வெச்சுக்கிட்டு, வந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. அதுக்கப்புறம்தான் நான் மூடுவேன். அவசரமே இல்லை."

கோப்பு அரை மணியில் வந்தது. கடைக் கணினியில் இறக்கி, தன் பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். மதியம் முதலாளி சாப்பிடப் போனதும், மூலையிலிருந்த ஹெட்போனைத் துடைத்து மாட்டினாள்.

த… தண்… தண்ணி. அவருடைய குரல்தான். நோய் வந்த பிறகு கேட்ட தட்டையான, கனத்த குரல். சாவிக்கு நாலு முயற்சி. பின்னால் குக்கர் விசில், தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு பதிவில், "சபாஷ் மாஸ்டர்!" என்று அவளே கத்துகிறாள். அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான்கு முறை ஓடவிட்டாள்.

நூற்றெண்பதுக்குப் பக்கத்தில் ஒரு மாலைப் பதிவு. கோழிப் படம் வந்த அன்று. அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, அவரைத் துடைத்து, உடை மாற்றி, பயிற்சிக்கு உட்கார வைத்திருந்தாள்.

"கோ…" என்றார் அவர்.

"கோழி. சொல்லுங்க. கோழி."

"கோ… கோச்…"

"கோச் இல்லை, கோழி. படத்தைப் பாருங்க."

"கோச்சு…"

"ஐயோ! சின்னக் குழந்தைகூட சொல்லுமே இதை! மனசு வெச்சுச் சொல்லுங்களேன். எனக்கு உசிரே போகுது."

நாற்காலி இழுபடும் சத்தம். அவள் எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். போன் அவர் முன்னாலேயே இருந்திருக்கிறது. மீண்டும் முயற்சி செய்யுங்கள் என்றது அந்தக் கனிவான குரல்.

அடுத்த பதிவு. அதில் அவள் இல்லை. அவர் மட்டும்.

"கோச்சு… கோச்சுக்… கா…"

மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

"கோச்சுக்கா… த."

மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

அப்படி ஆறு பதிவுகள். ஆறுக்கும் நட்சத்திரம் இல்லை. ஆறாவதில் அவர் அதை முழுசாகச் சொல்லிவிட்டார். மெதுவாக, ஒரு எழுத்துகூட விடாமல், சமையலறைப் பக்கம் கேட்கட்டும் என்பதுபோல. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கோழி என்று சொல்ல வராமல் திணறுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். பயிற்சிப் பெண்ணிடம்கூடச் சொன்னாள், "கோழிதான் வரவே மாட்டேங்குது" என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தார்.

யாரோ வந்து, "அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்" என்று ஆதாரை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தாள். சில்லறையும் சரியாகத்தான் கொடுத்தாள்.

அன்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாள், "இப்பதான் திருப்பிப் படுக்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் முகமாக விழித்திருந்தார். கண் அவளைப் பார்த்ததா, அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்ததா, தெரியவில்லை. டாக்டரும் அதைச் சொல்லவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அசையாத அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, நான் கோச்சுக்கல."

அவர் இமை மூடித் திறந்தது. எப்போதும் மூடித் திறப்பதுதான்.

"அன்னைக்கு அலுப்பு. அவ்வளவுதான். நீங்க சொன்னது எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு. கேட்டுச்சுங்க. நல்லாவே சொல்லியிருக்கீங்க."

காத்திருந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. வராது என்று அவளுக்கு எட்டு நாளாகத் தெரியும். ஆனாலும் ஒருவர் பேசி முடித்ததும் விடும் இடைவெளியை அவள் விட்டுப் பார்த்தாள். பிறகு அவர் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள்.

அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு எழுதவேண்டியது ஒரு வரிதான். ரத்து செய்யாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. சந்தா இருந்தால், இன்னும் பத்து மாதம் யாரோ அவருக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். அவர் முதுகில் இடுப்புக்கு மேலே காலையில் பார்த்த சிவப்புத் தடிப்பு நினைவுக்கு வந்தது.

'பதிவுகள் கிடைத்தன. சந்தாவை மூடிவிடுங்கள். நீங்கள் போன் செய்து சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நன்றாக இருங்கள், அம்மா' என்று எழுதி அனுப்பினாள்.

ஏழாவது வேலை நாளில் பணம் வந்தது. மெத்தையை மறுநாளே வாங்கிப் போட்டாள்.