வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கவும்

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'சிரிப்பு' என்று பட்டப்பெயர். யாரையும் அதட்ட மாட்டார். அதனாலேயே அவர் அறைக்குள் போக எனக்குப் பயம்.

அன்றும் சிரித்தபடிதான் கூப்பிட்டார். "வேலை நேரத்த மாத்தறோம்மா. எல்லா ஊழியர்களுக்கும் ஒரு மெயில் போடணும். உங்க கை பட்டா எதுவும் இதமா இருக்கும்."

மனிதவளப் பிரிவில் எனக்கு இதுதான் வேலை, கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவது. ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் வேலை இனி காலை ஆறரைக்குத் தொடங்கும். மாலை ஆறரைக்குப் பதில் பிற்பகல் மூன்றரைக்கு முடியும். காரணங்களையும் அவரே சொன்னார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதிகாலையில்தான் அதிகம் அழைக்கிறார்கள். மாலையில் மின்கட்டணம் கூடுதல். ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டு வாரம் பழைய நேரமோ புது நேரமோ அவரவர் விருப்பம், பதினாறாம் தேதி முதல் எல்லோருக்கும் புது நேரம்.

எழுதி முடித்ததும் தங்கச்சியின் முகம்தான் வந்து நின்றது. கீழ்த்தளத்தில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். புருஷன் கப்பலில். கைக்குழந்தையை விடும் காப்பகம் எட்டு மணிக்குத்தான் கதவைத் திறக்கும். இந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு அவள் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், என் நிலைமையோ அதைவிட மோசம்.

அவளுக்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'புதிய நேரத்தில் பணிக்கு வர இயலாதவர்கள் வியாழக்கிழமைக்குள் இம்மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தெரிவிக்கவும்.'

வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப நல்ல வரிம்மா. இத மட்டும் தடிமனா போடுங்க."

நல்ல மனிதர்தான், நான்தான் சும்மா பயப்படுகிறேன் என்று என்னையே கடிந்துகொண்டேன். மெயில் போனதும் கீழே இறங்கித் தங்கச்சியிடம் சொன்னேன். "தயங்காத. வர முடியாதுன்னு தெளிவா எழுது. மழுப்பி எழுதினா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை அவர் மறுபடி கூப்பிட்டார். பதில்களை அச்செடுத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அடுக்கு நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது.

"இவங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் தயார் பண்ணுங்கம்மா. வர இயலாதுன்னு நீங்க எழுத்துமூலம் தெரிவிச்சத ராஜினாமாவா ஏத்துக்கறோம், பதினஞ்சாம் தேதியோட விடுவிக்கறோம்னு."

"சார், அவங்க கஷ்டத்தத்தான் சொல்லியிருக்காங்க. யாரும் வேலைய விடறேன்னு எழுதல."

"வர முடியாதுன்னு அவங்களே எழுதியிருக்காங்களே. நாமளா அனுப்பினா மூணு மாசச் சம்பளம் கொடுக்கணும். நாம யாரையும் போகச் சொல்லலயே?" சிரித்தார். "வேல பாதியா கொறையப்போகுதும்மா. ஆள எப்படிக் கொறைக்கறதுன்னு ஒரு மாசமா மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன். வழி காட்டினதே நீங்கதான்."

"இதுக்கு எதிரா கேஸ் போட்டா நிக்குமா சார்?"

"போடறதுக்குக் கையில காசு வேணுமில்லம்மா."

அடுக்கின் மேலே தங்கச்சியின் பதில். நான் சொல்லிக்கொடுத்தபடியே, மழுப்பாமல் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இருந்ததும் அதே வாசகம்தான், பெயர் மட்டும் வேறு. அதற்கடுத்ததும் அப்படியே. பாவி மகள், தன் பிரிவு முழுவதையும் எழுத வைத்திருக்கிறாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க. உங்களால முடியாதுன்னா அதையும் எழுதிக் கொடுத்துடுங்க," என்றார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். கீழ்த்தளத்தில் எல்லோரும் தலையில் ஹெட்போனுடன் யாருடனோ பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் கையசைத்தார்கள். இத்தனை வருடத்தில் மனிதவளப் பிரிவைப் பார்த்து யாரும் அங்கே கையசைத்ததில்லை.

தங்கச்சி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தாங்க. எங்க அக்கா போட்ட வரி, தைரியமா எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். பதில் எப்பக்கா வரும்?"

"சாயங்காலம்."

"யாரு எழுதுவாங்க?"

"நான்தான் எழுதணும்," என்றேன்.

"அப்பாடா!" என்று சிரித்தாள். பக்கத்து இருக்கைகளைப் பார்த்து உரக்கச் சொன்னாள், "பதில் எங்க அக்காதான் எழுதறாங்களாம். இனிமே நமக்கென்ன கவலை!"