ஒன்பது கீல்

மூன்றாவது பெட்டியின் டேப்பைப் பார்த்ததும் அயூப் பிரிப்பதை நிறுத்தினான்.

முதல் இரண்டு பெட்டிகளிலும் கம்பெனி பெயர் அச்சிட்ட பழுப்பு டேப். இதில் அதன் மேல் இன்னொன்று ஓடியது. மெல்லிசு, பளபளப்பு. கிழிந்த பாடப்புத்தகத்துக்குப் பிள்ளைகள் ஒட்டுவது. கதவுகளும் ஆணி, கீல், பூட்டு இருக்கும் பொட்டலமும் அந்தப் பெட்டியில்தான் வரும்.

"யாராச்சும் தொறந்தீங்களாக்கா?"

"இல்லையே. நேத்து சாயந்திரம் கடை ஆளுங்க இறக்கிட்டுப் போனாங்க. அப்படியே இருக்கு."

ரோஸி உட்காரவில்லை. அவன் வந்ததிலிருந்து சுவரோரம் நின்று அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருங்களத்தூரில் புது ஃப்ளாட். குடிவந்து மாதம்கூட ஆகவில்லை. வார்ட்ரோப் மாட்ட ஆள் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தாள்.

அயூப் ஜி.எஸ்.டி. ரோட்டிலுள்ள ஃபர்னிச்சர் கடைக்கு மாட்டிக்கொடுக்கிற ஆள். பெட்டியை வாடிக்கையாளர் முன்னால் பிரிக்க வேண்டும், கையேட்டில் போட்டிருக்கிற பட்டியலோடு சாமான்களை ஒத்துப் பார்க்க வேண்டும், சரியாக இருக்கிறதென்று அவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகே திருப்புளியைத் தொட வேண்டும். கடைச் சட்டம் அது. போன மாதம் சேலையூரில் ஒரு வீட்டில் கைப்பிடிகள் குறைந்தன. அவசரத்தில் அவன் ஒத்துப் பார்க்காமல் ஆரம்பித்திருந்தான். எடுத்தது அவன்தான் என்று அந்த வீட்டம்மா சாதித்துவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் கடைப் படி ஏறாதே என்று மேனேஜர் துளசிங்கம் சொல்லிவிட்டார்.

அதனால் இன்று அவன் அவசரப்படவில்லை. பிரித்த அட்டையைத் தரையில் விரித்து, சிராய்ப்பு விழாதபடி பலகைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தான். ஒவ்வொன்றின் விளிம்பிலும் எழுத்து ஒட்டியிருந்தது.

"ஏ, இடது பக்கம். பி, வலது பக்கம். துளை உள்பக்கம் கீதான்னு பாருங்க. சி, நடுத்தடுப்பு."

ரோஸி கையேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். தட்டுகள், முதுகுப் பலகை, அடிப்பலகை, மூன்று கதவுகள். எல்லாம் இருந்தன. பிறகு பொட்டலம். கையேட்டில் திருகாணிகளின் படம் அசல் அளவிலேயே இருந்தது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் காட்டிவிட்டு எண்ணினான். மரக்குச்சிகள் சரி. பலகையோடு பலகையைப் பூட்டும் வட்டப் பூட்டுகள் சரி. இரண்டு உபரி.

கீல்கள் இல்லை.

பொட்டலத்தை உதறினான். அட்டையின் மடிப்புக்குள் கைவிட்டான். பெட்டியைத் தலைகீழாகத் தட்டினான்.

"கீல் எங்கக்கா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே பிரிச்சீங்க."

அவள் பார்வை அவன் பைக்குப் போனது. அவன் அதைப் பார்த்தான். பையை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்தான். சுத்தியல், திருப்புளி, அளவு டேப், டிபன் டப்பா.

"டப்பாவையும் தொறக்கட்டா? உள்ள எலுமிச்சை சாதம் கீது."

அவள் சிரிக்கவில்லை. அவன் கடைக்குப் போன் போட்டான். துளசிங்கத்தின் குரல் போனை விட்டு வெளியே வந்து கூடத்தில் நின்றது.

"மறுபடியுமாய்யா? உன் ராசி அப்படி. நீ போற வீட்ல மட்டும் சாமானுக்குக் கால் முளைக்குது!"

"சார், பெட்டி ஏற்கெனவே தொறந்து கீது. டேப்பு வேற—"

"டேப்பு கதையெல்லாம் வேணாம். இருக்கிறதை அப்படியே கட்டி வெச்சிட்டுக் கடைக்கு வா."

அயூப் போனைச் சட்டைப்பையில் போட்டான். பலகைகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினான். கடைசியில் கையெழுத்து வாங்கும் கடைச் சீட்டை நீட்டினான்.

"டேப்பு மேல டேப்பு இருந்துச்சுன்னு இதுல எழுதிக் குடுங்க. அது போதும்."

ரோஸி சீட்டை வாங்கவில்லை. உள்ளே போனாள். இரும்பு பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பாலிதீன் கவர். உள்ளே கீல்கள்.

"நான்தான் எடுத்து வெச்சேன்."

அவன் கவரைப் பார்த்தான்.

"பழைய வீட்ல கட்டில் மாட்ட வந்தவன் பாதி திருகாணியைச் சுருட்டிட்டுப் போயிட்டான். திரும்பிப் படுத்தா கட்டில் சத்தம் தெருவுக்கே கேட்கும். கீலைத்தான் ஆளுங்க லவட்டுவாங்கன்னு சொன்னாங்க. நீங்க எண்ணுவீங்களா, இல்ல எண்ணாம ஆரம்பிச்சுட்டுக் கடைசியில கதையளப்பீங்களான்னு பார்க்கலாம்னு..."

"பார்த்துட்டீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க."

"என் வேலை போயிருக்கும்க்கா."

அவள் கவரை நீட்டினாள். அவன் கவரை வாங்கி அட்டையின் மேல் கொட்டினான்.

"ஒன்பது. எண்ணித்தான் எடுத்தேன்" என்றாள். "பட்டியல்ல ஆறும் மூணும். ஒன்பது சரியா இருக்கு."

அயூப் ஒரு கீலை எடுத்தான். அடுத்ததை எடுத்தான். ஒன்பதையும் வரிசையாக வைத்தான். பிறகு கையேட்டை அவள் பக்கம் திருப்பினான்.

"ஆறு வேற, மூணு வேற. படத்தைப் பாருங்க. இதுக்குக் கை நேரா கீது, இதுக்கு வளைஞ்சு கீது. நடுக்கதவு நடுத்தடுப்புல தொங்குது. பக்கத்துக் கதவும் அதே தடுப்பு மேலதான் வந்து மூடும். ஆளுக்குப் பாதி இடம். அதுக்குத்தான் வளைஞ்ச கீல். இங்க ஒன்பதும் நேரா கீது. போட்டா ரெண்டு கதவும் முட்டிக்கும்."

ரோஸி மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"நான் மாத்தலையே. கவரோட எடுத்தேன். கவரோட வெச்சேன்."

"வேற இடத்துல விழுந்திருக்குமா?"

"இல்லங்க! என்னை என்னன்னு நினைச்சீங்க?"

அயூப் கீல்களைப் பார்த்தான். கம்பெனியில் போடும்போதே மாறியிருக்கலாம். மாறித்தான் இருக்க வேண்டும். ஆனால் பெட்டி ஒரு ராத்திரி பூராவும் திறந்து ஒட்டப்பட்டு இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் லாரியில், அதற்கும் முன்னால் கிடங்கில். யாரைக் கேட்பது?

மறுபடி போன் போட்டு அவளிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க."

அவள் தயங்கி வாங்கினாள். "சார், பெட்டியை நான்தான் திறந்தேன். கீலை எடுத்து வெச்சது நான். உங்க ஆள் மேல தப்பில்ல. ஆனா மூணு கீல் வகை மாறி இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் சிவந்தது. "சார், நான் எதுக்கு அதை எடுக்கப் போறேன்? ... திறந்தா கடை பொறுப்பில்லையா? அப்படின்னா நான் என்ன திருடியா?"

அயூப் கையை நீட்டிப் போனை வாங்கினான். அவன் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கலாம்.

"சார், ஒன்பது கீல் கீது. எடுக்கறவங்க எடுத்துகினு போவாங்க. அதே கம்பெனி கீலை எங்கயோ தேடிப் புடிச்சு மூணு திருப்பி வெப்பாங்களா? கம்பெனியிலயே மாறிப்போச்சு. மூணு வளைஞ்ச கீல் அனுப்புங்க."

மறுமுனையில் துளசிங்கம் சிரித்தார்.

"நீ அந்தம்மாவுக்குச் சாட்சியாய்யா? அது சரி. அந்தம்மா உனக்குச் சாட்சி, நீ அந்தம்மாவுக்குச் சாட்சி. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசி வெச்சிருக்கீங்க."

போன் கட்டானது. அயூப் திரும்பினான். ரோஸி இன்னும் தரையில்தான் இருந்தாள். கவிழ்த்த அவனுடைய பைச் சாமான்களை ஒரு கண்ணால் பார்த்தபடி, கீல்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.