நாலாம் லேனின் பத்தாம் பின்

நாலாம் லேனில் பத்தாம் பின் விழாது. லேன் என்கிற பலகைப் பாதையில் பந்தை உருட்டி, பின் என்கிற கட்டைகளைச் சாய்க்கும் அந்த பவுலிங் கூடத்துக்கு வழக்கமாக வருகிற எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. லேன் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள் சிலர். கூடத்தை நடத்துகிற சிவக்குமார் ஒருநாள் கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, பலகைகளின் மேல் தவழ்ந்தே போய்ப் பார்த்தார். சாய்வு இல்லை. அதற்குப் பிறகும் பேச்சு மாறவில்லை. அந்த மூலையில் ஒற்றைப் பின் நின்றுவிட்டால், ஆடுபவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பந்தை எடுப்பார். பந்து வலது ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தால், "வாய்க்காலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டாரு" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். சிரிப்பு வரும். ஆட்டம் மேலே போகும்.

நாகஜோதியால் மட்டும் அதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. காளவாசலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு விளாங்குடி. கணவன் பாண்டிராஜ் நண்பர்களோடு பொழுதுபோக்க வந்த இடத்துக்கு ஒருமுறை கூடவே வந்தவள், அவன் விட்டுவிட்ட பிறகும் வந்துகொண்டிருந்தாள். மதுரையிலிருந்து சென்னைப் போட்டிக்கு ஆண்கள் மூவரும் பெண் ஒருவரும் போவார்கள். போன வருஷம் அந்த ஒரு பெண்ணின் இடத்தை இதே கூடத்தில் ஆடும் வர்ஷினியிடம் அவள் இழந்தாள். இழந்தது நாலாம் லேனில், கடைசிக் கட்டத்தில், பத்தாம் பின்னில்.

ஒரு ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு பந்து. பின்கள் பத்தும் முக்கோணமாக நிற்கும். கடைசி வரிசையின் இடது மூலையில் ஏழு, வலது மூலையில் பத்து. முதல் பந்தில் ஒன்பது விழுந்து பத்து மட்டும் நின்றால், இரண்டாவது பந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் ஸ்பேர், கணக்கு ஏறும். தள்ளாவிட்டால், முதல் பந்து எத்தனை அழகாகப் போயிருந்தாலும் அந்தக் கட்டம் ஓட்டைதான்.

அவள் மூன்றாம் லேனில் பத்தைத் தவறவிடுவது அரிது. அதுதான் அவளை உறங்கவிடவில்லை. அதே கை, அதே பந்து, அதே தூரம். ஒரு லேன் தள்ளிப் போனதும் என்ன ஆகிறது? பயம் என்றான் பாண்டிராஜ். போன வருஷம் தோற்றது மனசுக்குள் கிடக்கிறது என்றான். இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். ஆனால் பயம் என்பது ஒரு பதில் மாதிரி இருந்ததே தவிர, அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. செய்வதற்கு ஏதாவது தருகிற பதில்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை பாண்டிராஜிடம் கைப்பேசியைக் கொடுத்து, இரண்டு லேனிலும் தன்னைப் பின்னாலிருந்து படம் பிடிக்கச் சொன்னாள். முகம் வேண்டாம், கால் தெரிந்தால் போதும் என்றாள். கல்யாண வீட்டில் செருப்பை மட்டும் படம் எடுப்பது மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தபடி எடுத்தான்.

வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஓடிவரும் தரையில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு, நிற்கிற இடத்தை அளந்துகொள்ள. மூன்றாம் லேனில் அவள் இடது கோடிப் புள்ளிக்கு அருகே நின்றாள். அங்கிருந்து குறுக்காக நடந்து, லேனின் நடு அம்புக்குறிக்கு மேலே பந்தை விட்டாள். அது லேனைக் குறுக்கே கடந்து நேராக வலது மூலைக்குப் போனது. நாலாம் லேனில் அவள் நின்றது ஏறக்குறைய நடுவில். அங்கிருந்து வலது ஓரத்தை ஒட்டியே பந்தை அனுப்பினாள். வழி முழுக்கப் பக்கத்திலேயே பள்ளம். அதற்குப் பயந்து கை கொஞ்சம் உள்ளே இழுத்தால் பந்து பின்னுக்கு இடப்புறமாகப் போனது. வெளியே விட்டால் பள்ளம்.

தான் இடம் மாறி நின்றதே அவளுக்கு அதுவரை தெரியாது. ஏன் அங்கே நின்றோம் என்று படத்தை நிறுத்திப் பார்த்தாள். இடது கோடியில் நிற்க இடம் இல்லை. அங்கே ரேக் இருந்தது.

உருட்டிய பந்துகள் திரும்பி வந்து சேரும் ரேக், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருக்கிறது. மற்ற ஜோடி லேன்களில் அது பின்னால் ஒதுங்கி நிற்கும். இங்கே பின்பக்கம் கட்டடத்தின் தூண் வந்துவிட்டதால், பொருத்தியவர்கள் அதை முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். நாலாம் லேனில் இடது கோடியிலிருந்து நடக்க நினைக்கிற எவருக்கும் முதல் இரண்டு அடியில் ரேக் இடிக்கும். யாரும் இடித்துக்கொள்ளவில்லை. இடித்துவிடும் என்று உடம்பு முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டது. புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து அங்கேயே நின்றார்கள். மூன்றாம் லேனில் ஏழாம் பின்னுக்கும் அதே ரேக் வலப்பக்கத்தை அடைக்கத்தான் செய்தது. ஆனால் வலதுகைக்காரர்கள் வளைத்துவிடும் பந்து தானே இடப்பக்கம் திரும்பி ஏழைத் தேடிப் போகும். அதனால் அங்கே யாருக்கும் குறை தெரியவில்லை.

அவள் ஒரு காகிதத்தில் லேனையும் ரேக்கையும் வரைந்துகொண்டிருந்தாள். சாப்பிட வரவில்லையா என்று பாண்டிராஜ் இருமுறை கேட்டுவிட்டுத் தானே போட்டுக்கொண்டான்.

ரேக்கை நகர்த்த முடியாது. ஆனால் ரேக்குக்கு முன்னால் போய் நிற்கலாம். அங்கிருந்து, பந்தை விடும்போது தாண்டக் கூடாத கோட்டுக்கு அவளுடைய ஐந்தடி நடை கொள்ளாது. மூன்றடிதான் கிடைக்கும். ஐந்துக்கும் மூன்றுக்கும் தொடக்கம் இடது கால், முடிவில் சறுக்குவதும் இடது கால். முதல் இரண்டடியை வெட்டி எறிந்தால் போதும் என்று காகிதத்தில் எளிதாகத்தான் இருந்தது.

தரையில் அப்படி இல்லை. முதல் அடியிலேயே பந்தை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. பழகிய கை இரண்டடி தாமதமாகவே விழித்தது. தோள் முன்னால் ஓடி, பந்து பின்னால் வந்தது. வேகம் குறைந்ததால் அவளுடைய வளைகிற பந்து கடைசியில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பத்தைத் தொடாமலே போனது. வளையாத சாதாரண பிளாஸ்டிக் பந்துக்கு மாறினாள். மணிக்கட்டைத் திருப்பாமல், கை குலுக்க நீட்டுவதுபோல நேரே விட்டாள். ஒற்றைப் பின்னுக்கு வேகம் தேவையில்லை. கோணம் இருந்தால் போதும். இடமிருந்து வலமாகக் குறுக்கே போகிற பந்துக்கு லேனின் அகலம் முழுவதும் உதவிக்கு இருக்கிறது, கடைசிக் கணம் வரை பள்ளம் பக்கத்திலேயே வராது. அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடம்பு நம்பவில்லை. அவள் மறுபடி போய் நின்றாள்.

பக்கத்து லேனில் பழகிக்கொண்டிருந்த வர்ஷினி பார்த்துவிட்டு, இதென்ன அக்கா, பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி என்று கேட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கு எதையும் சொல்லிவிட வேண்டும். சிவக்குமாரும் பழைய நடையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சென்னைப் போட்டிக்கான தேர்வு நெருங்கும்போது இரண்டில் ஒன்று விழுந்தது. இரண்டில் ஒன்று என்பது நம்பிக்கையா இல்லையா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

தேர்வு நாளன்று பகல் ஆட்டம். கடைசிச் சுற்றில் அவளும் வர்ஷினியும். கட்டத்துக்குக் கட்டம் லேன் மாறி ஆட வேண்டும். மூன்றாம் லேனில் தொடங்கியதால், கடைசியான பத்தாவது கட்டம் அவளுக்கு நாலாம் லேனில் வந்தது. நடுவில் ஒருமுறை அதே லேனில் பத்தாம் பின் நின்றிருந்தது. யோசிக்க நேரமில்லாமல் எல்லோரும் நிற்கிற இடத்தில் நின்று பந்தை விட்டாள். பந்து பள்ளத்தின் விளிம்பை உரசிக்கொண்டே போய்ப் பின்னைத் தட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் அது கடன் வாங்கிய பொருள் மாதிரி இருந்தது.

வர்ஷினி முடித்துவிட்டாள். நாகஜோதியின் கடைசிக் கட்டத்து முதல் பந்து நன்றாகவே போனது. ஒன்பது விழுந்தன. வலது மூலையில் பத்து அசையாமல் நின்றது.

திரையைப் பார்த்தாள். இதோடு நின்றால் வர்ஷினியைவிட ஒன்று குறைவு. இது விழுந்தால் சமம். கூடவே இன்னொரு பந்து கிடைக்கும், அதில் ஒற்றைப் பின் விழுந்தாலும் சென்னை அவளுக்கு.

ரேக்கிலிருந்து பிளாஸ்டிக் பந்தை எடுத்துத் துடைத்தாள். பாண்டிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து ரேக் ஓரமாக வந்தான்.

"ஜோதி, நடுவுலயே நில்லு. இப்பத்தான விழுந்துச்சு. அம்புட்டுத்தான், அதையே போடு."

"அது விழுந்துச்சுங்க. நான் விழவைக்கல."

"எப்பிடி விழுந்தா என்ன?"

அவள் பந்தை இன்னொரு முறை துடைத்தாள். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். நடுவில் நின்று தவறவிட்டால் லேன் மேல் பழி போகும். நாலாம் லேனில் பத்து விழாது என்று எல்லோரும் தலையாட்டி ஆறுதல் சொல்வார்கள். ரேக்குக்கு முன்னால் நின்று தவறவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் தேர்ந்தெடுத்த இடம், அவள் தேர்ந்தெடுத்த கோணம். தவறும் முழுக்க அவளுடையதாக இருக்கும்.

அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ரேக்கைக் கடந்து முன்னால் போய், இடது கோடிப் புள்ளியில் காலை வைத்தாள். பின்னால் யாரோ இருமினார்கள்.  தோளை வலது மூலையை நோக்கித் திருப்பினாள். கண் பின்னைப் பார்க்க ஆசைப்பட்டது. அதை இழுத்து வந்து நடு அம்பில் வைத்தாள். பின் எங்கேயும் போகாது. பார்க்க வேண்டியது அம்பு.

இடது கால். பந்து அதோடு முன்னே போனது. வலது கால். இடது கால் சறுக்கி நின்றது. கை மூலையை நோக்கி உயர்ந்தபடி இருந்தது. அவள் அதை இறக்கவில்லை.

பந்து மெதுவாகப் போனது, நம்ப முடியாத அளவு மெதுவாக. நடு அம்புக்கு மேலே ஏறி, லேனின் குறுக்கே, எதையும் ஒட்டாமல், வளையாமல் நகர்ந்தது. பாதி வழியில் அது போய்ச் சேருமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் பத்தின் இடது தோளில் மோதியது. பத்து ஓரச் சுவரில் இடித்துச் சாய்ந்தது. பந்து அதன் பின்னாலேயே மறைந்தது.

வர்ஷினிதான் முதலில் பேசினாள்.

"அந்த எடத்துல நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

நாகஜோதி தலையசைத்தாள். இன்னும் ஒரு பந்து இருந்தது. பத்துப் பின்களும் மறுபடி வந்து நிற்கும்வரை, வியர்வை உலர ரேக்கின் மேல் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். பிறகு வளைகிற பந்தை எடுத்து, பழைய ஐந்தடியில் விட்டாள்.

பின்கள் உடைந்து சிதறின. சிவக்குமார் அவள் பெயரைச் சொல்லி ஏதோ அறிவித்தார். பாண்டிராஜ் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பவில்லை. ஒன்பது விழுந்திருந்தன. இடது மூலையில் ஏழு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது, அதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அவள் கால்கள் தாமாகவே வலப்பக்கம் நகர்ந்து கோடிப் புள்ளியைத் தேடின. தோள் இடது மூலைக்குத் திரும்பியது. கண் நடு அம்பில் போய் நின்றது. அங்கிருந்து ஏழுக்குப் போகும் கோடு தெளிவாகத் தெரிந்தது.

மேலிருந்து தடுப்பு இறங்கி, பின்னை வாரிக்கொண்டு போனது. அவள் வெறும் கையோடு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.