ஓசையில்லாத பெயர்

என் தொழிலுக்கு முதல் எதிரி என் அப்பா சுப்ரமணியனின் கட்டைவிரல். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்காருவார். எந்த வெப் சீரிஸாக இருந்தாலும், பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரையின் மூலையில் ஸ்கிப் பட்டன் முளைக்குமே, அது முழுசாக முளைப்பதற்குள் அழுத்திவிடுவார். "கதைக்கு வரட்டும்" என்பார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். என் பிழைப்பே அந்தப் பெயர்கள் ஓடும் இடத்தில்தான் நடக்கிறது.

நான் டைட்டில் டிசைனர். ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் வேலை செய்தேன். வேலை என்னுடையது, திரையில் பெயர் கம்பெனியுடையது. போதும்டா சாமி என்று வெளியே வந்து, செம்பூரில் ஒரு அறை பிடித்து, சொந்தமாக எடுத்த முதல் வேலை 'பி விங்'. 'டைட்டில் வடிவமைப்பு: ஹரிதா' என்று முதல்முறையாக ஒரு வரி வரப்போகிறது. அந்த வரியை அப்பாவின் கட்டைவிரல் விழுங்கக்கூடாது. எனக்கு இருந்த வெறி அவ்வளவுதான்.

'பி விங்' கதை ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டியில் நடக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வரும்போது சொசைட்டி செகரட்டரி காணாமல் போகிறார். யார் காரணம் என்பது எட்டு எபிசோடு. எல்லோருக்கும் ரசம் கொடுத்தனுப்பும் வாலாம்பாள் மாமிதான் காரணம். மாமி செருப்பே போடுவதில்லை. படியில் ஏறி இறங்கினால் காதில் விழாது.

ஸ்கிரிப்டைப் படித்து முடித்ததுமே எனக்கு டைட்டில் தெரிந்துவிட்டது. மும்பையில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை இருக்கும். குடியிருப்பவர்களின் பெயர்கள் வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகளில் வரிசையாகப் பதிந்திருக்கும். நடிகர்களின் பெயர்களை அந்தப் பலகையில்தான் போட வேண்டும். ஒரு கை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தும். நடுநடுவே லிஃப்டின் இரும்புக் கதவு, தபால் பெட்டி, வாசலில் யாரும் போடாத ஒரு ஜோடி செருப்பு.

தமிழ் எழுத்தில் அப்படி பிளாஸ்டிக் எழுத்துகள் எங்கேயும் கிடைக்கவில்லை. நானே வரைந்தேன். பெயர்ப்பலகை எழுத்து மாதிரி தடிமனாக, கொஞ்சம் அசடாக, மூலைகள் மழுங்கி. ரொம்ப அழகாக இருந்தால் யாரோ டிசைனர் செய்தது என்று தெரிந்துவிடும். தாராவியில் அக்ரிலிக் வெட்டும் மன்சூர் அலி அவற்றை வெட்டி, பின்னால் ஊசி ஒட்டிக் கொடுத்தார். பலகையின் வரிப்பள்ளத்தில் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அந்த ஓசையைக் கேட்டதும் தமிழ்செல்வனுக்கு போன் போட்டேன்.

தமிழ்செல்வன்தான் இசை. தாராவியில் அண்ணன் கடைக்கு மேல் மாடியில் தெர்மாகோல் ஒட்டிய அறை அவன் ஸ்டுடியோ. பலகையைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். நாலு எழுத்தை அழுத்திப் பார்த்தான்.

"ஏ, இதுக்கு மேல தபலா எதுக்கு? இதான் தாளம். நான் கீழ ஒரு பேஸ் மட்டும் விடுதேன்."

அப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு பெயரும் டக் டக் டக்கென்று தாளத்தில் வந்து உட்காரும். மாமியாக நடிக்கும் மீனாட்சியம்மாளின் பெயருக்கு மட்டும் ஓசை இல்லை. எழுத்துகள் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். செருப்பில்லாத கால் மாதிரி. இது தமிழ்செல்வன் யோசனை. ஆறு பெயர்களில் மூன்றாவது அது. பேஸின் தாழ்ந்த ஒலி நிறைந்து ஓடும் இடமாதலால் கவனிப்பவன் கவனிப்பான், மற்றவனுக்குத் தெரியாது. ஹெட்போனில் கேட்டுவிட்டு இரண்டு பேரும் எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம். கொஞ்சம் அதிகமாகவே.

அதற்குப் பிறகு நடிகர் வரிசை மாறி வந்தது. மீனாட்சியம்மாள் மூத்த நடிகை, ஒப்பந்தப்படி அவர் பெயர் கடைசியில், தனியாக, 'மற்றும்' போட்டு வர வேண்டும். இந்த மாதிரி மாற்றம் எல்லா வேலையிலும் வரும். பெயரை எடுத்துக் கடைசியில் வைத்தேன். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் அந்த மௌனமும் கூடவே நகர்ந்து போனது. எழுத்து இடைவெளியைச் சரி செய்தேன், ஒளியைச் சரி செய்தேன், எக்ஸ்போர்ட் போட்டேன். மறுபடி கண் மூடிக் கேட்கவில்லை.

தொடரை வெளியிடும் ஓடிடி பிளாட்ஃபார்ம் சார்பில் பார்க்க வந்தவள் மானசா. செம்பூர்ப் பெண்தான். வேறொருவரிடமிருந்து பாதியில் இந்தத் தொடரின் பொறுப்பை வாங்கிக்கொண்டவள். கடைசி எபிசோடுகளை வேண்டுமென்றே படிக்கவில்லை, ஜனங்கள் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டுமாம். டைட்டிலே அவளுக்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் பெயரைப் போட்டு நகர்ந்துவிடு, எப்படியும் ஸ்கிப்தான் செய்வார்கள் என்று முதல் நாளே சொன்னவள். இயக்குநர் சாய்நாத் எனக்காக வாதாடி இந்த நாற்பது நொடியை வாங்கி வைத்திருந்தார்.

டைட்டில் ஓடி முடிந்தது. மானசா நாற்காலியில் திரும்பினாள்.

"மீனாட்சியம்மாள்தானே பண்ணது?"

விரலால் திரையைக் காட்டினாள்.

"அரே, எல்லார் பேரும் டக்டக்னு வருது. கடைசில அவங்க மட்டும் தனியா, சத்தமே இல்லாம வராங்க. இதுக்கு மேல என்ன, கையில கத்திய கொடுத்து நிக்க வைக்கணுமா?"

சாய்நாத் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம், பயம்தான் இருந்தது.

"ஹரிதா, எட்டு எபிசோடு கதை, டைட்டில்லயே முடிஞ்சுடுத்தே" என்று மானசாவுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்" என்றாள் மானசா. "இல்லேன்னா கறுப்பு கார்டு. பக்கா."

வந்த ஆத்திரம் முழுக்க என் மேல்தான். ஐந்து பெயர் வரைக்கும் காதைப் பழக்கிவிட்டு, ஆறாவதை வெறுமையில் நிறுத்தி, அதிலும் ஓசையைப் பிடுங்கினால் அது குறிப்பா? தண்டோரா. முடிவு தெரிந்தவர்களுக்கு எல்லாக் குறிப்பும் சின்னதாகத்தான் தெரியும். அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

ஆனால் கறுப்பு கார்டுக்கு விடுவதாக இல்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

"மீனாட்சியம்மாளுக்கும் டக் போட்டுடு. முடிஞ்சது வேலை" என்றேன்.

தமிழ்செல்வன் முகம் சுருங்கியது. "போட்டுட்டா? அப்புறம் அது வெறும் டைப்ரைட்டரு. அந்த மௌனந்தான் பாட்டே. அத எடுத்தன்னா எம்பேர எடுத்துரு."

"சொல்றவன் நீ. அங்கே உட்கார்ந்து பேச்சு கேக்கறவ நான்!"

"சரி சரி, கத்தாத. நீ சொன்னபடியே போடுதேன், கேளு. கேட்டுட்டு நீயே வேண்டாம்ப."

கோபத்தோடேயே கணினியைத் தட்டினான். ஒவ்வொரு பெயரின் ஓசையும் தனித்தனித் தடத்தில் இருந்தது. மீனாட்சியம்மாளின் தடத்தைத் திறந்தான். அவசரத்தில் நாலாவது தடத்தை மூடிவிட்டான் போல. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டக், டக், டக். பிறகு ஆறுமுகநயினார் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பேஸ் மட்டும் கீழே ஓடியது.

கண்ணைத் திறந்து திரையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். இவன்மேல் ஏதோ இருக்கிறது, இவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது. ஆறுமுகநயினார் தொடரில் வாட்ச்மேன். ஒரு பாவமும் அறியாதவன். ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்தவள் நான்!

"அய்யோ, தப்பான தடத்த மூடிட்டேன், இரு" என்றான் தமிழ்செல்வன்.

"தொடாதே!" என்று கத்தினேன். "கையை எடு. மறுபடி போடு."

மறுபடி போட்டான். மறுபடியும் வாட்ச்மேன்தான் செய்தான். இரண்டாவது தடத்தை மூடச் சொன்னேன். இப்போது இரண்டாம் மாடி டாக்டர் செய்தான். தமிழ்செல்வன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"எபிசோடுக்கு ஒருத்தர்" என்றேன்.

"ஏ... இது நல்லாருக்குலா!"

முதல் எபிசோடில் ஆறு பேருக்கும் ஓசை. காது பழகட்டும். அடுத்த ஆறில் எபிசோடுக்கு ஒரு பெயர் ஓசையில்லாமல் வரும். மீனாட்சியம்மாளின் முறையை மூன்றாவது எபிசோடிலேயே வைத்தோம். அந்த எபிசோடில் மாமி போலீஸ்காரருக்குக்கூட ரசம் கொடுத்து எல்லோரையும் சிரிக்க வைப்பார், யாரும் நம்பமாட்டார்கள். எட்டாவதற்கு என்ன செய்தோம் என்பதை இங்கே சொல்லமாட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மானசா முன்னால் இதைச் சொன்னதும் அவள் தலையில் கை வைத்தாள்.

"எட்டு டைட்டிலா? டெக்னிக்கல் செக் பண்றவங்க என்னை கொன்னுடுவாங்க."

"படம் ஒண்ணேதான். நீளமும் ஒண்ணேதான். ஸ்கிப் பட்டன் வர்ற இடம் மாறாது" என்றேன். "எபிசோடு ஒவ்வொண்ணுக்கும் எப்படியும் தனித்தனியா சவுண்டு மிக்ஸ் போகுது. அதுல இந்த நாற்பது நொடி மட்டும் வேற. ஹிந்தி டப்பிங்குக்கும் இதே ஓசைதான்."

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. சரியான வேலை கையில் இருக்கும்போது எனக்கு நடுங்காது.

நாலாவது எபிசோடின் டைட்டிலைப் போட்டேன். மானசா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். வாட்ச்மேன் பெயர் ஓசையில்லாமல் வந்து நின்றதும் கட்டிய கை பிரிந்தது. முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ... மாமி இல்லையா? நான் தப்பா நினைச்சுட்டேனா?"

சாய்நாத் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அஞ்சாவது போடு" என்றாள் மானசா. கறுப்பு கார்டைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாரம் ஒன்றாகத் தொடர் வெளியானது. முதல் எபிசோடில் மகள் பெயர் வருகிறது என்பதற்காக அப்பா பொறுத்துக்கொண்டார். அந்த மரியாதை ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும் வந்த வாரங்களில் நான் வேறொரு வேலைக்காகப் புனே போயிருந்தேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்கவும் பயம், கேட்கவில்லை.

நாலாவது ஞாயிறு மத்தியானம். அப்பா டிவியைப் போட்டார். பலகை வந்தது, முதல் எழுத்து டக்கென்று உட்கார்ந்தது. மூலையில் ஸ்கிப் பட்டன் முளைத்தது. அப்பா ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரல் எழும்பியது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

சத்தம் கூடியது. ரிமோட்டில் அவர் ஒலியை ஏற்றிக்கொண்டிருந்தார், ஒன்று, இன்னொன்று.

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்! இருடி, பேசாதே. இன்னிக்கு யாருக்குச் சத்தம் வரலேன்னு கேக்கணும்."

டக் டக் என்று பெயர்கள் வந்தன. ஆறுமுகநயினார் ஓசையில்லாமல் வந்து நின்றான். அப்பா தொடையில் ஓங்கித் தட்டினார்.

"வாட்ச்மேன்! நான் அப்பவே நினைச்சேன்!"

கடைசியில் என் பெயர் வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.