மடக்கிய கட்டைவிரல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பிரிக்பீல்ட்ஸில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறவளுக்கு அது ஆகாதுதான். என்ன செய்ய, சொன்னதைச் செய்யாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று புஷ்பவல்லி அக்கா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் வந்தபோது, வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரம் லேசாக வீங்கியிருந்தது. தோசை மாவு வியாபாரம். ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில்தான். ஒரே கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் நாள் முழுக்கத் தட்டினால் வேறென்ன ஆகும்? இப்போது வீக்கம் இரு மடங்கு. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, போன விட்டீங்களா இல்லையா?"

"விட்டுட்டேன் மிஸ். வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புறேன். போன மேசையில வச்சிட்டுப் பேசுறேன்."

"ஸ்ப்ளின்ட்?"

கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை. சரியாகத்தான் கட்டியிருந்தார்.

"அப்ப எப்படி இவ்வளவு மோசமாச்சு? வெளையாடாதீங்கக்கா."

அவர் கண்கள் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தன. வீட்டுக்காரர் விஜயனுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அக்காதான் தூக்கி உட்கார வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்டி இரண்டு மணி வரைதான் பார்த்துக்கொள்வார்.

"போன வாரம் கை வெடுக்குன்னு இழுத்து அவர நழுவ விட்டுட்டேன் மிஸ். அடி ஒண்ணும் இல்ல. ஆனா அவரோட அண்ணன் பார்த்துட்டாரு. சனிக்கிழமை வந்து இவர ரவாங்ல ஒரு பராமரிப்பு ஹோம்ல சேர்க்கப் போறாராம். அதுக்குள்ள கை சரியாகணும்."

சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினேன்.

"வீட்ல வேற என்ன செய்றீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

"நீங்க சொன்ன எக்ஸசைஸ்தான். ஒரு வேளை விடல."

நான் எந்தப் பயிற்சியும் சொல்லவில்லையே.

அக்கா ஸ்ப்ளின்டைக் கழற்றினார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக வளைத்தார். முகம் சுருங்கியது. விடாமல் இன்னொரு தடவை வளைத்தார்.

"நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன்.

அது பயிற்சி இல்லை, சோதனை. கட்டைவிரலை ஆட்டும் இரண்டு தசைநார்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துப் புண்பட்டிருந்தால் அப்படி வளைக்கும்போது சுள்ளென்று வலிக்கும். நோய் இன்னதென்று கண்டுபிடிக்க ஒரே ஒரு தடவை செய்வது. முதல் நாள், வெளியே நான்கு பேர் காத்திருந்த அவசரத்தில், "இப்படி செஞ்சு பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டவள் நான்தான்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"ஒரு வேளைக்குப் பத்து. ஆறு வேளை. வலிச்சாத்தான் நரம்பு எளகும்னு நெனச்சேன்."

அறுபது தடவை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சச் சொல்லிவிட்டு, ஏன் ஆறவில்லை என்று அவரையே அதட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுதுக்கா. உங்க மேல ஒண்ணும் இல்ல."

இனி அதைச் செய்யவே கூடாது, ஸ்ப்ளின்டும் ஓய்வும் ஐஸும்தான், நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம் என்றேன். ஆள் தூக்கவே கூடாது. அடங்காவிட்டால் டாக்டரிடம் அந்த உறைக்குள் ஊசி போட்டுக்கொள்ளலாம். வலி போன பிறகுதான் மெல்லப் பயிற்சி.

"ஆறு வாரமா? சனிக்கிழமையே வந்துடுவாரே."

அக்காவிடம் நம்பர் வாங்கி, அங்கேயே விஜயனின் அண்ணன் ராதாகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். தவறு முழுக்க என்னுடையது, நான் சொன்னதை அக்கா தவறாமல் செய்ததால்தான் கை கெட்டது, ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

"அது வரைக்கும் தம்பிய யாரு தூக்குறது மிஸ்?"

"நீங்கதான் அங்கிள். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

எனக்கே என் வாய் அதிகம் என்று பட்டது. அவர் பெருமூச்சு விட்டார். "ஆறு வாரம் பார்ப்போம்லா. அதுக்கு மேல என்னால ஆகாது."

அக்காவிடம் சொன்னேன். முகம் தெளியவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், அவரோட அண்ணன்ட்ட திரும்பப் பேசி, இந்த எக்ஸசைஸ் விசயத்த மட்டும் வீட்ல சொல்ல வேணாம்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது."

"ஏன்க்கா? என் தப்புதானே."

"ஸ்ட்ரோக் வந்ததுலேருந்து அவரு வாயே தொறக்கல மிஸ். நான் கைய மடக்கும்போதுதான் பேச ஆரம்பிச்சாரு. ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணிக் குடுத்தது அவருதான்."