கட்டாத கூடுதல் தாள்

கறார் டீச்சர் என்று அவருக்குப் பெயர் வைத்தது மாணவர்கள் இல்லை, கூட வேலை பார்க்கிற ஆசிரியர்கள். பொதுத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போய் நின்றால் அந்த ஹாலில் ஈ கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் பறக்கும் என்பார்கள். இத்தனை வருட வேலையில் அவரிடம் ஒரு விளக்கக் கடிதம்கூட மேலிடம் கேட்டதில்லை. அந்த வருடம் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கேட்க வேண்டுமா, கறார் இன்னும் இரண்டு மடங்கு ஏறியிருந்தது.

அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. டீச்சர் நடத்துவது வேதியியல். தேர்வு நடக்கிற பாடத்தின் ஆசிரியரை அன்றைக்குக் கண்காணிப்புக்குப் போட மாட்டார்கள். விடைப்புத்தகங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் முகப்பிலும் அச்சடித்திருந்த வரிசை எண்ணை வருகைத்தாளில் அவரவர் பதிவெண்ணுக்கு நேரே எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு பார்கோடு ஸ்டிக்கர்களை எடுத்தார். ஆளுக்கு ஒரு பட்டை. அதில் பெரியது புத்தகத்துக்கு, சின்னவை கூடுதல் தாள்களுக்கு.

"யாரும் கை வைக்காதீங்க, நான்தான் ஒட்டுவேன். கோணலா ஒட்டினா மெஷின் படிக்காது. மெஷின் படிக்கலன்னா நீ பரீட்சைக்கே வரலன்னு அர்த்தம்."

சொன்னது பாதி மிரட்டல், பாதி உண்மை. பதிவெண் எழுதிய ஓரத்தைத் திருத்துவதற்கு முன் கிழித்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் திருத்துகிறவருக்குப் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. அந்தக் கறுப்புக் கோடுகள்தான் பிள்ளை.

மூன்றாவது பெஞ்சில் ஒரு தையல்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். முதல் கூடுதல் தாள் கேட்டாள், கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் கேட்டாள். டீச்சர் ஒவ்வொரு தாளின் எண்ணையும் குறித்து, அவளிடம் கையெழுத்து வாங்கி, சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எச்சரிக்கை மணி அடித்தது. "கூடுதல் தாள் வாங்கினவங்க வரிசையா அடுக்கிக் கட்டுங்க. எத்தனை தாள்னு முகப்புல எழுதுங்க. இறுக்கிக் கட்டாதீங்க, பக்கம் புரட்ட முடியணும்" என்று சொல்லிக்கொண்டே நூலை வெட்டி வெட்டிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு வந்தது உருண்டையின் கடைசித் துண்டு. அதை வைத்து முதல் தாளைக் கட்டுவதற்கே பெரும்பாடு பட்டாள். இரண்டாவது தாளில் கடைசிக் கணக்கின் கடைசி வரியை எழுதி நிமிர்ந்தபோது இறுதி மணி அடித்துவிட்டது.

"டீச்சர், நூல் பத்தல. இன்னும் ஒரு தாள் கட்டணும்."

"கட்டு கட்டுன்னு கத்தினப்ப காதுல என்ன வச்சிருந்தே? உள்ள சொருகிக் குடு, நான் கட்டிக்கிறேன். போ, போ."

அவள் சொருகிக் கொடுத்தாள். டீச்சர் வாங்கினார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புத்தகங்களைப் பதிவெண் வரிசையில் அடுக்குகிற அவசரத்தில் அந்தத் தாள் வழுக்கி, மேசையில் இருந்த எழுதாத கூடுதல் தாள்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. டீச்சர் புத்தகங்களை மட்டும் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஆபீஸ் அறையில் கட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைத்து வேனில் ஏற்றினார்கள். மிச்சத் தாள்களைத் திருப்பித் தருவதற்காக வராந்தாவில் நின்று எண்ணியபோதுதான் டீச்சருக்குத் தெரிந்தது, ஒன்று கூடுகிறது. புரட்டினார். வெள்ளைத் தாள்களுக்கு நடுவே நிறைய எழுதிய ஒரு தாள். தலையில் ஸ்டிக்கர், கீழே அவருடைய கையெழுத்து.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வேன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மையத்தின் பொறுப்பாளரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள், நல்ல மனிதர். போய்ச் சொன்னால் உறையைப் பிரித்து, தாளைக் கட்டி, ஒரு அறிக்கை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மறுபடியும் அரக்கு வைத்துவிடுவார். கால் மணி நேர வேலை. அறிக்கையில் கண்காணிப்பாளரின் கவனக்குறைவு என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிதான் டீச்சருக்குத் தொண்டையில் மாட்டிய முள்.

"எல்லாம் சரிதானே டீச்சர்?" என்று சீஃப் உள்ளேயிருந்து கேட்டார்.

"என் ஹால்ல என்னைக்கு சார் தப்பு வந்திருக்கு?"

தாள் கைப்பைக்குள் போயிருந்தது. கொடுத்த தாள், மிச்சத் தாள், ஒட்டிய ஸ்டிக்கர், மிச்ச ஸ்டிக்கர் எல்லாம் கச்சிதமாக நேராயின. அவ்வளவு அழகான கணக்கு. வேன் கிளம்பிப் போனது.

வீட்டில் அடுப்படியில் நின்று தாளைப் பிரித்தார். படிக்காமலே கொளுத்தியிருக்கலாம், ஆசிரியர் புத்தி விடவில்லை. வரி வரியாகப் பார்த்தார். பெரிய கணக்கு, ஒரு படிகூட விடவில்லை, விடை சரி. கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. தன் மேலேயே எரிச்சல் வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். தாள் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஸ்டிக்கர் மட்டும் சுருண்டு, பசை நாறி, கடைசியில்தான் கருகியது.

திருத்தும் முகாமில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர் யாரோ ஒரு நேர்மையானவர். முகப்பில் கூடுதல் தாள் இரண்டு என்று இருக்கிறது, உள்ளே கட்டியிருப்பது ஒன்று என்று எழுதி அனுப்பினார். வருகைத்தாளில் இரண்டு எண்களுக்கு நேரேயும் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தது. அப்படியானால் ஒரு தாள் ஹாலை விட்டு வெளியே போயிருக்கிறது. அது முறைகேடு. நிரூபணமானால் தேர்வு ரத்து, இரண்டு வருடத்துக்கு எழுதவே முடியாது.

விசாரணை சீஃபின் அறையிலேயே நடந்தது. தேர்வு வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அந்தப் பெண்ணும், கழுத்தில் அளவு நாடா தொங்குவதையே மறந்து கடையிலிருந்து ஓடிவந்த அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நூல் பத்தல சார். உள்ள சொருகி டீச்சர்கிட்டதான் குடுத்தேன். கட்டிக்கிறேன்னு சொன்னாங்க."

டீச்சர் அவளைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தார். "என் ஹால்ல நூல் பத்தாமப் போனதே கிடையாது சார். தையல்காரர் பொண்ணு, முடிச்சுப் போடத் தெரியலன்னு சொன்னா நம்புறீங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். சீஃப் சிரிக்கவில்லை. "டீச்சரைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

"பொய் சொல்றாங்கப்பா!" என்றாள் அந்தப் பெண்.

பளார் என்று விழுந்தது அறை. "படிச்சவங்கள எதிர்த்துப் பேசறியா? குனிஞ்ச முதுகு நிமிராம மிஷின் மிதிச்சுப் படிக்க வச்சதுக்கு இதானா?" என்று கத்திவிட்டு, அந்த மனிதர் டீச்சர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. புத்தி கெட்டுப் பேசுறா."

"பரவாயில்லைங்க" என்றார் டீச்சர். அதைச் சொல்லவும் அவருக்கு வாய் வந்தது.

அதிகாரிக்கு அடுத்த மையத்துக்குப் போக வேண்டிய அவசரம். "இங்க பாரும்மா, ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா ஒரு வருஷத்தோட விடச் சொல்லிப் பார்க்கறேன். சாதிச்சா ரெண்டு வருஷம். நீயே யோசி."

அவள் டீச்சரைப் பார்த்தாள். அழுது முடித்த கண்களால் ரொம்ப நேரம் பார்த்தாள். டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அப்பா அவள் தோளைப் பிடித்து மேசைப் பக்கம் தள்ளினார். அவள் பேனாவைக் கையில் வாங்கினாள்.

"எடுத்துட்டுப் போனேன்னு எழுது. சரி, அந்தத் தாள் இப்ப எங்க? கொண்டு வந்து குடுத்தா நல்லது" என்றார் அதிகாரி.

இல்லாத தாளை அவள் எங்கிருந்து கொண்டு வருவாள்? இனிமேல் யாரும் கேட்க முடியாதபடி ஒரு பொய் வேண்டும்.

"அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன் சார்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அதையும் எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் அதிகாரி. அவள் எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்காகத் தாள் டீச்சரிடம் வந்தது. அவர் அதை ஒரு முறை படித்துப் பார்த்து, கட்டத்துக்குள் கோணாமல், கறாராகக் கையெழுத்துப் போட்டார்.