மைபடாத கடைகள்

1928ஆம் வருஷம் தை மாதத்தில், கோபாலபுரம் சந்தைத் தெருவை அர்த்தநாரி பெரிய கண்ணாடித் தகடு ஒன்றில் படம் எடுத்தான். எடுக்கச் சொன்னவர் மோட்டார் முதலாளி சின்னையன். பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே அவருக்கு இரண்டு பஸ்கள் ஓடின. தெருவின் கிழக்குப் பக்கத்தை வாங்கியிருந்தார். அங்கே பஸ் நிற்க ஒரு கொட்டகையும் வரிசையாகப் புதுக் கடைகளும் கட்டி வாடகைக்கு விடுவது அவருடைய எண்ணம். அதை ஊருக்கெல்லாம் சொல்லும் நோட்டீஸில் தெருவின் படம் வேண்டும் என்றார்.

நோட்டீஸ் அடிப்பது மட்டமான காகிதத்தில். போட்டோவை அப்படியே அச்சேற்றினால் வெறும் கரித்திட்டாக விழும். கோடுகளாக மாற்றிக் கொடுத்தால் கோயமுத்தூரில் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து எந்தக் காகிதத்திலும் சுத்தமாக அடித்துவிடலாம். அப்படி மாற்றுகிற வேலையை கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோவில் செய்துவந்தவள் அர்த்தநாரியின் மனைவி மருதாத்தாள். படம் எடுப்பதும் கழுவுவதும் அவன் பாடு. கோடு அவள் கை.

போட்டோவை வெளிறலாக, நிறத்தை நிலைக்கவைக்கும் தங்கச்சாயம் ஏற்றாமல், அச்சாகப்போகும் அளவைப் போல இரண்டு மடங்கு பெரிதாக அவன் அச்செடுத்துக் கொடுப்பான். அவள் ஜன்னலோரம் பலகையில் அதைக் குத்திவைத்து, தண்ணீரில் கரையாத இந்தியன் இங்கியால் படத்தின் மேலேயே வரைவாள். காமிராவை அண்ணாந்து வைத்ததால் உள்ளே சாய்ந்து நிற்கும் சுவர்களை ஸ்கேல் வைத்து நேராக்குவாள். பக்கத்தில் இருப்பதற்குத் தடித்த கோடு, தூரத்தில் இருப்பதற்கு முடிபோன்ற கோடு. நிழலுக்குச் சாய்கோடுகள், அவற்றை நெருக்கிப் போடக்கூடாது, பிளாக்கில் சிறிதாகும்போது ஒட்டிக்கொள்ளும். மை காய்ந்ததும் தட்டில் வைத்து வீரம் கரைத்த தண்ணீரை ஊற்றுவாள். நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் அதே வீரம்தான், விஷம். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் போட்டோ வெளுத்துப் போய்விடும். வெள்ளைக் காகிதத்தில் அவள் போட்ட கோடுகள் மட்டும் நிற்கும். மை படாத எதுவும் மிஞ்சாது.

அந்தத் தெருவின் படத்தில் கிழக்குச் சுவரை ஒட்டி ஆறு கடைகள் இருந்தன. தென்னங்கீற்று வேய்ந்த சின்னச் சாளைகள். முதலாவது நாச்சம்மாளுடையது, கடலையும் பொரியும் விற்பவள், புருஷன் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் அதே இடம். ஆறையும் விட்டுவிடச் சொன்னார் சின்னையன். அந்த இடத்தில் புதுக் கட்டடத்தைக் கோயமுத்தூரில் ஒருவர் வரைந்து சேர்ப்பார், அதற்கு இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வரப்போகும் தெருவைக் காட்டும் படம்தானே என்று மருதாத்தாளும் நினைத்தாள். கடைகளுக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவளாகவே ஒரு சுவரை நீட்டினாள், அடியில் இரண்டு கல் வரிசை போட்டாள், காரை பெயர்ந்த மாதிரி நாலு கீறல் கூடப் போட்டாள். பார்த்த சுவரைவிட அது நிஜமாக இருந்தது. படத்தையும் கண்ணாடித் தகட்டையும் சேர்த்தே முதலாளியின் ஆள் வாங்கிக்கொண்டு போனான்.

பங்குனியில் சாளைகளைப் பிரித்துப் போட்டார்கள். கடைக்காரர்கள் ஆறு பேரும் சித்தூர் தாலுக்கா கச்சேரியில் மனுக் கொடுத்தார்கள். சின்னையன் தரப்பில் சொன்ன பதில் சுருக்கமானது: தை மாதம் அங்கே ஒரு கடையும் இல்லை, நிலம் கைமாறியதைக் கேள்விப்பட்டு மாசியில் வந்து முளைத்தவர்கள் இவர்கள். சாட்சிக்கு அவர் வைத்தது மருதாத்தாளின் கோட்டுப்படம், புதுக் கட்டடத்தை அதன்மேல் வரையாமல் தனித்தாளில் வரைந்திருந்தார்கள். போட்டோவின் மேலேயே வரைந்தது, பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் தை இருபது என்று அர்த்தநாரியின் கையெழுத்தும் இருக்கிறது.

இந்தச் சேதி சந்தைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பூமாரி வாயால் மருதாத்தாளுக்கு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பேனாவை எடுப்பாள், நிப்பைத் துடைப்பாள், வைப்பாள். ஒரு பள்ளிக்கூடத்துப் படத்தில் தூண்களை எண்ணாமல் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டு, பிளேடால் சுரண்டிச் சுரண்டிக் காகிதத்தையே ஓட்டையாக்கினாள். சோறு வடிக்கப் போய் அடுப்பை மறந்து வாசலில் நின்றாள். அர்த்தநாரி இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள், நமக்கு வேலை கொடுக்கிறவர் அவர், வரைந்ததோடு நம் பாடு தீர்ந்தது, கச்சேரியில் அவர் சொல்வதற்கு நாமா பொறுப்பு என்று கேட்டான். அவளுக்கு அவன் சொன்னதில் தப்பும் தெரியவில்லை, மனசும் அடங்கவில்லை.

தகடு அவர்கள் கையில் இல்லை. வேறு அச்சு எடுத்துவைக்கவும் இல்லை. நானே வாயால் சொன்னால் நம்புவார்களா என்று யோசித்தபடி அவள் வீட்டுக்கும் இருட்டறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் போன வருஷம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. வெளுத்துக் கழுவிய ஒரு படம் கைதவறி, போட்டோவை நிலைநிறுத்தும் ஹைப்போத் தொட்டியில் விழுந்து, போன போட்டோ முழுக்கப் பழுப்பாக மேலே வந்துவிட்டது. அர்த்தநாரி அன்றைக்குத் திட்டினான், பிறகு காரணமும் சொன்னான்: வீரம் படத்தைக் கரைத்துக்கொண்டு போவதில்லை, வெள்ளையாக மாற்றி அங்கேயே வைத்திருக்கிறது, வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது, ஹைப்போ பட்டால் பழுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

ஓட்டையாகிப்போன பள்ளிக்கூடத்துப் படத்தை வெளுத்துக் கழுவிக் காயவைத்து, ஒரு மூலையில் ஹைப்போ தொட்ட பஞ்சை ஒற்றினாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற மாட்டுவண்டி திரும்பி வந்தது. அவள் அதற்கு மை போட்டிருக்கவில்லை.

அர்த்தநாரி அதைக் கையில் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இதைப் போய் அங்கே செய்யோணும்கிறயா, மருதா?"

"ஆமாங்க."

"கோயமுத்தூருல பிளாக்குக்காரங்க அது மேல வெள்ளைப் பெயிண்டு கிண்டு பூசியிருந்தாங்கன்னா ஒண்ணும் வராது. பொய் சொன்னவ நீதான்னு ஆயிரும்."

"வரலீன்னா வரலீங்க. நான் போடாம உட்டது நெசந்தானுங்களே."

அவன் அதற்குமேல் தடுக்கவில்லை. ஹைப்போ உப்பைத் தானே நிறுத்து ஒரு புட்டியில் கரைத்துத் தந்தான். ஆனால் கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடைசியில் வண்டி புறப்படும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

சித்தூர்க் கச்சேரி வராந்தாவில் ஆறு கடைக்காரர்களும் குந்தியிருந்தார்கள். மருதாத்தாளைப் பார்த்ததும் நாச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே மேசைமேல் அந்தப் படம் கிடந்தது. மருதாத்தாள் தூரத்திலிருந்தே தன் கோடுகளை அடையாளம் கண்டாள். அழகாகத்தான் இருந்தது.

சின்னையனின் வக்கீல், கை வரைவது பொய்யாகலாம், போட்டோ பொய் சொல்லாது, இது போட்டோவின் மேல் வரைந்தது என்று மறுபடியும் சொன்னார். தாசில்தார் படத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்துவிட்டு, வரைந்தது யார் என்று கேட்டார். அர்த்தநாரி எழுந்தான். ஆனால் பேசியது மருதாத்தாள்.

"நான்தானுங்க வரைஞ்சேன். இந்த எடத்துல ஆறு கடை இருந்துச்சுங்க. உடச் சொன்னாங்க, உட்டுட்டேன். இந்தச் சுவரு நான் கண்ணால பார்த்ததில்லீங்க. நானாப் போட்டது."

சின்னையன், இவளுக்கு இப்போது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். குரல் உயரவில்லை. அவள் அவரைப் பார்க்காமல் புட்டியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். போட்டோ காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது, இந்தத் தண்ணீர் பட்டால் வெளியே வரும் என்றாள். வக்கீல், சாட்சிப் பொருளை நனைக்கவிட முடியாது என்றார். தாசில்தார் ஒரு காகிதத் துண்டில் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விடச் சொன்னார். எந்த நிறமும் வரவில்லை.

"படம் கேடு வருமோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"மை அழியாதுங்க. காயிதம் நனையும், அவ்வளவுதானுங்க."

"எங்கில், கிழக்கு மூலை மாத்ரம். நான் பார்த்துக்கொண்டிருக்கேன். மெல்லச் செய்."

பஞ்சை நனைத்து அவள் ஒற்றினாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளைப் பெயிண்டு பூசியிருக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பஞ்சை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். அவள் போட்ட கல்வரிசைக்கு நடுவே ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. கறை நீண்டு மூங்கில் கால் ஆயிற்று. அதன்மேல் கீற்று விளிம்பு. அதற்குக் கீழே ஒரு முறம், தொங்கும் தராசின் ஒரு தட்டு, யாரோ ஒருத்தியின் முழங்கை. படம் எடுத்த கணத்தில் அசைந்திருக்கிறாள், முழங்கை இரண்டாகத் தெரிந்தது. காரை பெயர்ந்த கீறல்கள் அந்த முழங்கையின் மேலேயே ஓடின.

தாசில்தார் குனிந்து பார்த்தார். குமாஸ்தா எழுந்து வந்து பார்த்தார். வக்கீல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

அன்றைக்குத் தீர்ப்பு ஒன்றும் ஆகவில்லை. தையில் கடை இருந்தது என்பதற்கு இது சாட்சி, இடத்தில் உரிமை உண்டா என்பது வேறு கேள்வி, விசாரித்து அளக்கவேண்டும், அதுவரை யாரும் அங்கே கல் வைக்கக்கூடாது என்று தாசில்தார் எழுதவைத்தார். சின்னையன் போகும்போது அர்த்தநாரியிடம், இனிமேல் என் வாசற்படிக்கு வராதே என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் மற்றக் கடைக்காரர்கள் மருதாத்தாளைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்று பேசினார்கள். நாச்சம்மாள் அவர்கள் விலகும்வரை காத்திருந்தாள்.

"பெயர்ந்த காரை வரைக்கும் போட்டிருக்கறயே அம்மிணி. நான் அங்க குந்தியிருந்தது உன்ற கண்ணுக்குத் தெரியலியா?"

முதலாளி சொன்னார் என்று மருதாத்தாள் சொல்லலாம். புதுத் தெருவின் படம் என்றுதான் நினைத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும் நிஜம்தான்.

"தெரிஞ்சுதுங்க்கா," என்றாள் கடைசியில். "நல்லாத் தெரிஞ்சுது."

நாச்சம்மாள் தலையை ஆட்டினாள். மன்னித்த மாதிரியும் இல்லை, கோபித்த மாதிரியும் இல்லை. முந்தானையை உதறிக்கொண்டு, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் வண்டியில் இடமிருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. மூன்று பேரும் வெயிலில் ஒரே வண்டியில் வந்தார்கள். வழியெல்லாம் நாச்சம்மாள் அர்த்தநாரியோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

அளந்து முடிக்க ஆடி ஆகிவிட்டது. ஆறில் நாலு பேருக்குச் சந்தையின் மேற்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. நாச்சம்மாளுக்கும் கிடைத்தது, பழைய இடம் யாருக்கும் கிடைக்கவில்லை. அர்த்தநாரி அந்த வருஷம் கல்யாண வீடுகளைத் தேடி வேலந்தாவளம் வரை காமிராவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். புரட்டாசியில் பாலக்காட்டு அச்சுக்கூடம் ஒன்று கடைவீதிப் படங்கள் ஏழு அனுப்பி, கோடாக்கித் தரச் சொல்லிக் கேட்டது. மருதாத்தாள் முதல் படத்தைப் பலகையில் குத்திவைத்தாள். அரைநாள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு எழுந்துபோய், இதில் எதையெல்லாம் விடவேண்டும், படத்துக்கு அடியில் என்ன அச்சடிக்கப்போகிறார்கள், இரண்டையும் எழுதி அனுப்பச் சொல்லி அச்சுக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படி புருஷனிடம் சொன்னாள்.

அவன் எழுதினான். பதில் வருகிறவரை அவள் பேனாவைத் தொடவில்லை.